வேளாண்மைச் செலவுப் பட்டியலை வகைவாரியாகப் பிரித்துக் காட்டும் அட்டவணை: SUMIFS, COUNTIFS முழுமையான வழிகாட்டி

பெரும்போகம் முடிகிற நேரத்தில் எங்கள் படுவான்கரைப் பக்கம் பல வீடுகளில் ஒரே கேள்விதான் ஓடும்: இந்த முறை பசளைக்கு எவ்வளவு போனது, கூலிக்கு எவ்வளவு போனது, ஏக்கருக்கு என்ன விழுந்தது? செலவை எழுதி வைக்கிற பழக்கம் பலருக்கு இருக்கிறது. கொப்பியில் எழுதியதை மகனோ மகளோ எக்செலில் ஏற்றியும் வைத்திருப்பார்கள். ஆனால் ஐப்பசியில் தொடங்கி அறுவடை வரை இருநூறு, முந்நூறு வரி நீண்டுவிட்ட பட்டியலில் கீழே ஒரு மொத்தம் மட்டும் இருந்தால் அதை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது. தேவையானது பக்கத்தில் ஒரு சின்ன அட்டவணை: ஒவ்வொரு வகைக்கும் எத்தனை தடவை செலவு, எவ்வளவு தொகை.

அதைச் செய்ய இரண்டே இரண்டு சூத்திரம் போதும். `SUMIFS` நிபந்தனைக்குப் பொருந்தும் வரிகளின் தொகையைக் கூட்டும், `COUNTIFS` பொருந்தும் வரிகளை எண்ணும். எழுதுவது சுலபம். அந்த அட்டவணை சொல்லும் எண் உண்மையா என்று அறிவதுதான் கடினம், ஏனென்றால் இந்தச் சூத்திரங்கள் ஒரு வரியைத் தவறவிட்டாலும் பிழை எதுவும் காட்டாமல் அமைதியாகக் குறைந்த எண்ணைத் தந்துவிடும். ஆகவே சூத்திரத்தை விரைவாகப் பார்த்துவிட்டு, சரிபார்ப்புக்குத்தான் அதிக இடம் ஒதுக்கப் போகிறேன்.

கீழே சொல்வதெல்லாம் எக்செலிலும் கூகுள் சீட்ஸிலும் ஒரே மாதிரி வேலை செய்யும். வேறுபடும் இடத்தில் சொல்கிறேன்.

## பட்டியல் எப்படி இருக்க வேண்டும்

உதாரணத்துக்குப் பன்னிரண்டு வரி மட்டும் எடுத்துக்கொள்வோம். உங்களுடையது முந்நூறு வரி இருந்தாலும் சூத்திரம் மாறாது. மேல்வட்டையில் 4 ஏக்கர், கீழ்வட்டையில் 3 ஏக்கர் என்று ஒரு குடும்பம் செய்கிறது என்று வைப்போம். தொகைகள் கணக்குப் பார்க்க வசதியாக நான் போட்டவை, சந்தை விலை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

| வரி | A திகதி | B விபரம் | C வகை | D வயல் | E தொகை |
|---|---|---|---|---|---|
| 2 | 2023-10-05 | முதல் உழவு | உழவு | மேல்வட்டை | 24000 |
| 3 | 2023-10-06 | முதல் உழவு | உழவு | கீழ்வட்டை | 18000 |
| 4 | 2023-10-12 | வரம்பு கட்டல், 4 பேர் | கூலி | மேல்வட்டை | 10000 |
| 5 | 2023-10-14 | விதைநெல் 8 புசல் | விதை | மேல்வட்டை | 28000 |
| 6 | 2023-10-14 | விதைநெல் 6 புசல் | விதை | கீழ்வட்டை | 21000 |
| 7 | 2023-10-20 | விதைப்பு, 2 பேர் | கூலி | கீழ்வட்டை | 5000 |
| 8 | 2023-11-03 | களைநாசினி | மருந்து | மேல்வட்டை | 14000 |
| 9 | 2023-11-05 | யூரியா 2 அந்தர் | பசளை | மேல்வட்டை | 19000 |
| 10 | 2023-11-05 | மருந்து அடித்த கூலி | கூலி | மேல்வட்டை | 3000 |
| 11 | 2023-11-08 | யூரியா 1 அந்தர் | பசளை | கீழ்வட்டை | 9500 |
| 12 | 2023-11-20 | பூச்சிநாசினி | மருந்து | கீழ்வட்டை | 7500 |
| 13 | 2023-12-02 | யூரியா 2 அந்தர் | பசளை | மேல்வட்டை | 19000 |

முதல் வரி தலைப்பு. அதற்குக் கீழே ஒரு வரிக்கு ஒரு செலவு. ஒரே பில்லில் யூரியாவும் களைநாசினியும் வாங்கியிருந்தால் அதை இரண்டு வரியாகப் பிரித்து எழுதுங்கள், இல்லாவிட்டால் அந்தத் தொகையை எந்த வகையில் போடுவது என்று பிறகு தடுமாற வேண்டும். மாதத்துக்கு ஒரு தலைப்பு வைத்து இடையில் வெற்று வரி விடுவதும், கலங்களை ஒன்றாக இணைப்பதும் வேண்டாம். முக்கியமாக, பட்டியலின் அடியில் 'மொத்தம்' என்று ஒரு வரி எழுத வேண்டாம். அது E நிரலில் இருக்கும் வரை, முழு நிரலையும் கூட்டும்போது எல்லாம் இரண்டு மடங்காகிவிடும்.

வகைக்குத் தனி நிரல் ஏன் வேண்டும், விபரத்தில்தான் எல்லாம் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். பத்தாவது வரியைப் பாருங்கள். 'மருந்து அடித்த கூலி' என்பதில் மருந்து என்ற சொல்லும் இருக்கிறது, கூலி என்ற சொல்லும் இருக்கிறது. எட்டாவது வரி உண்மையில் மருந்துச் செலவு, ஆனால் அதில் மருந்து என்ற சொல்லே இல்லை. விபரத்தைப் பார்த்து இது எந்தச் செலவு என்று முடிவெடுப்பது மனிதர் வேலை. அந்த முடிவை C நிரலில் ஒரே சொல்லாக எழுதிவிட்டால் மிச்சத்தைச் சூத்திரம் பார்த்துக்கொள்ளும்.

வகைகள் எத்தனை? ஐந்திலிருந்து பத்துக்குள் நிறுத்துவது நல்லது. யூரியா, டீ.எஸ்.பி., எம்.ஓ.பி. என்று மூன்று வகை வைப்பதைவிடப் பசளை என்று ஒன்று வைத்து, பெயரை விபரத்தில் எழுதுவதே என் விருப்பம். யூரியாவுக்கு மட்டும் எவ்வளவு என்று பிறகு கேள்வி வந்தால் அதற்கும் வழி இருக்கிறது, கீழே வரும்.

## அட்டவணை

G நிரலில் வகைகளை ஒவ்வொன்றாக எழுதுங்கள்: G1-இல் தலைப்பு, G2 முதல் G6 வரை உழவு, விதை, பசளை, மருந்து, கூலி. H1-இல் 'எத்தனை', I1-இல் 'தொகை'. அப்புறம் H2-இல் இது:

```
=COUNTIFS($C:$C,$G2)
```

I2-இல் இது:

```
=SUMIFS($E:$E,$C:$C,$G2)
```

இரண்டாவதை வாய்விட்டு வாசித்தால் இப்படி வரும்: E நிரலில் உள்ள தொகையைக் கூட்டு, ஆனால் C நிரலில் G2-இல் இருக்கும் சொல் எந்த வரிகளில் இருக்கிறதோ அந்த வரிகளை மட்டும். இரண்டையும் தெரிவு செய்து கீழ்மூலையில் பிடித்து ஆறாவது வரி வரை இழுத்தால் அட்டவணை முடிந்தது. மொத்தத்துக்கு H7-இல் `=SUM(H2:H6)`, I7-இல் `=SUM(I2:I6)`.

| வகை | எத்தனை | தொகை |
|---|---|---|
| உழவு | 2 | 42000 |
| விதை | 2 | 49000 |
| பசளை | 3 | 47500 |
| மருந்து | 2 | 21500 |
| கூலி | 3 | 18000 |
| மொத்தம் | 12 | 178000 |

எழுதும்போது சூத்திரம் ஏற்கப்படாமல் பிழைச் செய்தி வந்தால், உங்கள் கணினி காற்புள்ளிக்குப் பதிலாக அரைப்புள்ளியை எதிர்பார்க்கக்கூடும். `;` போட்டுப் பாருங்கள்.

டொலர் குறியைப் பற்றி ஒரு சொல். `$C:$C` என்றால் எங்கே இழுத்தாலும் C நிரலிலேயே நில் என்று பொருள். `$G2` என்பதில் G-க்கு முன் மட்டும் குறி இருப்பதால், பக்கவாட்டில் இழுத்தால் நிரல் மாறாது, கீழே இழுத்தால் G3, G4 என்று வரி மட்டும் நகரும். இந்தக் குறிகளை இப்போதே போட்டு வையுங்கள், வயல்வாரியாகப் பிரிக்கும்போது இவைதான் கைகொடுக்கும்.

`SUMIF` என்று கடைசியில் S இல்லாத பழைய சூத்திரமும் இருக்கிறது. அதில் கூட்ட வேண்டிய நிரல் கடைசியில் வரும், `SUMIFS`-இல் முதலில் வரும். இரண்டையும் கலந்து எழுதினால் இந்த ஒழுங்கில்தான் குழப்பம் வரும். நான் ஒரேயொரு நிபந்தனை இருந்தாலும் `SUMIFS`தான் எழுதுவேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சிலர் முழு நிரல் கொடுக்காமல் `C2:C300` என்று எல்லை வைத்து எழுதுவார்கள். வகைக்கு `C2:C300` என்றும் தொகைக்குத் தவறுதலாக `E3:E300` என்றும் எழுதிவிட்டால், `SUMIF` வாயைத் திறக்காமல் ஒவ்வொரு வகைக்கும் அடுத்த வரியின் தொகையை எடுத்துக் கூட்டிக் கொடுத்துவிடும். `SUMIFS` அதே இடத்தில் எக்செலில் `#VALUE!` என்று காட்டி நின்றுவிடும். முழு நிரலாக `$E:$E`, `$C:$C` என்று கொடுத்தால் இந்தத் தொல்லையே இல்லை, புதிதாகக் கீழே சேர்க்கும் வரிகளும் தானாகக் கணக்கில் வரும். அட்டவணை மட்டும் A முதல் E வரையான நிரல்களுக்குள் இருக்கக்கூடாது, இருந்தால் சூத்திரம் தன்னையே கூட்டப் பார்க்கும்.

## மூன்று சுழியம்

இனி முக்கியமான பகுதி. அட்டவணையின் கீழே மூன்று சரிபார்ப்புக் கலங்கள் வையுங்கள்.

H9-இல், அட்டவணைக்குள் வராத வரிகள்:

```
=COUNTA(E:E)-1-H7
```

I9-இல், அட்டவணைக்குள் வராத தொகை:

```
=SUM(E:E)-I7
```

H10-இல், எண்ணாக இல்லாமல் எழுத்தாகக் கிடக்கும் தொகைகள்:

```
=COUNTA(E:E)-1-COUNT(E:E)
```

`COUNTA` வெறுமையாக இல்லாத எல்லாக் கலங்களையும் எண்ணும், `COUNT` எண்கள் உள்ள கலங்களை மட்டும் எண்ணும். ஒன்றைக் கழிப்பது தலைப்பு வரிக்காக. மூன்றும் 0 காட்ட வேண்டும். ஏன் மூன்று, ஒன்று போதாதா என்பதை இரண்டு பிழைகளை வேண்டுமென்றே செய்து பார்த்தால் விளங்கும்.

முதலில் C10-க்குப் போய் 'கூலி' என்பதன் பின்னால் ஒரு இடைவெளி விடுங்கள். கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆனால் கூலி வரி இப்போது 2 தடவை, 15000 என்று காட்டும். மொத்தம் 175000 ஆகிவிடும். இடைவெளியோடு இருக்கும் 'கூலி' சூத்திரத்துக்கு வேறு சொல். H9 இப்போது 1, I9 இப்போது 3000. ஒரு வரி, மூவாயிரம் ரூபா எங்கோ வெளியே நிற்கிறது என்று உடனே தெரிகிறது. பட்டியலில் 'டீசல்' என்று புதிதாக ஒரு வகை எழுதி அதை G நிரலில் சேர்க்க மறந்தாலும், வகையே எழுதாமல் விட்டாலும் இதே கலங்கள்தான் காட்டிக்கொடுக்கும். G நிரலில் ஒரே வகையை இரண்டு முறை எழுதிவிட்டால் எண் மைனஸில் போகும்.

இடைவெளியை எடுத்துவிட்டு அடுத்த பிழைக்கு வருவோம். E12-இல் 7500 என்பதற்குப் பதிலாக `7500/=` என்று எழுதுங்கள். நம் பில் புத்தகங்களில் இப்படி எழுதித்தான் பழக்கம், பட்டியலில் ஏற்றுபவரும் அப்படியே பார்த்து அடித்துவிடுவார். எக்செலுக்கு இது எண் இல்லை, எழுத்து. மருந்து வரி 2 தடவை, 14000 என்று காட்டும். இப்போது சரிபார்ப்பைப் பாருங்கள்: H9 சுழியம், I9-உம் சுழியம்! ஏனென்றால் `SUM` கூட அந்தக் கலத்தை எடுக்கவில்லை, அட்டவணையும் எடுக்கவில்லை, இரண்டும் ஒரே அளவு குறைந்து 170500-இல் ஒத்துப்போய்விட்டன. தடவை எண்ணிக்கையோ C நிரலைத்தான் பார்க்கிறது, அதில் குறை இல்லை. H10 மட்டும் 1 என்று காட்டுகிறது. மொத்தம் ஒத்துவருகிறது, ஆகவே கணக்குச் சரி என்று நம்பி ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

கண்ணால் கண்டுபிடிக்க ஒரு குறி: எண் கலத்தில் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் ஒட்டும். E நிரலை நடுவில் நிறுத்தி அழகுபடுத்தி வைத்திருந்தால் இந்தக் குறியை இழந்துவிடுவீர்கள், அதனால் தொகை நிரலின் சீரமைப்பைத் தொடாமல் விடுங்கள். திருத்துவதற்கு E நிரலைத் தெரிவு செய்து `Ctrl+H` அழுத்தி, `/=` என்பதைத் தேடி வெறுமையால் மாற்றினால் அவை எண்ணாகிவிடும். மாறாமல் நின்றால் அந்தக் கலங்கள் `Text` வடிவத்தில் இருக்கின்றன என்று பொருள். `General` ஆக்கிவிட்டு, தொகையைத் திரும்ப அடியுங்கள்.

முந்நூறு வரியில் பிழை எந்த வரியில் என்று தேட F2-இல் இதைப் போட்டுக் கீழே வரை இழுங்கள்:

```
=IF(COUNTIFS($G$2:$G$6,C2)=0,"வகை பார்",
 IF(ISNUMBER(E2),"","தொகை பார்"))
```

ஒவ்வொரு வரியும் தன் வகை G நிரலில் இருக்கிறதா என்று தானே போய்ப் பார்க்கும், பிறகு தொகை எண்தானா என்று பார்க்கும். வடிகட்டியில் 'வகை பார்' என்பதைத் தெரிவு செய்தால் குற்றவாளி வரிகள் மட்டும் முன்னால் வந்து நிற்கும். புது வகையைச் சேர்க்கும்போது `$G$6` என்பதையும் நீட்ட மறக்க வேண்டாம். அந்த வகையை G நிரலின் நடுவில் ஒரு வரி செருகி எழுதினால் எல்லை தானாக நீளும். ஆனால் பட்டியல் அதே தாளில் இருக்கும்போது முழு வரியைச் செருகினால் பட்டியலிலும் ஒரு வெற்று வரி விழும், ஆகவே G முதல் I வரை மட்டும் தெரிவு செய்து `Insert` கொடுத்துக் கீழே தள்ளுங்கள். செருகிய வரியில் H, I சூத்திரங்களை மேலிருந்து இழுத்து விடவும் வேண்டும்.

## தமிழில் எழுதுவதால் வரும் தனிச் சிக்கல்

'பசளை' என்று ஒருவர், 'பசலை' என்று ஒருவர், 'உரம்' என்று இன்னொருவர் எழுதினால் மூன்றும் வேறு. இது எல்லாருக்கும் தெரியும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்து உள்ளே வேறாக இருப்பவைதான் சிரமம் தரும். 'கௌ' என்பதை ஔகாரக் குறியோடு ஒருவர் அடிப்பார், எகரக் குறி போட்டுப் பக்கத்தில் ள எழுதி 'கெள' என்று இன்னொருவர் அடிப்பார். திரையில் பெரிதாக வித்தியாசம் தெரியாது. சந்தேகம் வந்தால் `=LEN(C10)` போட்டுப் பாருங்கள். 'கூலி' என்பதற்கு 4 வரும், மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனியாக எண்ணப்படுவதால். 5 வந்தால் பின்னால் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பாமினி எழுத்துருவில் அடித்த பழைய பட்டியல் உங்களிடம் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். நம் பக்கத்து அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் நீண்ட காலம் இதுதான் ஓடியது. பாமினியில் தமிழாகத் தெரிந்தாலும் கலத்துக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். 'கடை' என்பது உள்ளே `fil`, 'குடை' என்பது `Fil`. `SUMIFS`-உம் `COUNTIFS`-உம் ஆங்கிலத்தின் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. ஆகவே இந்த இரண்டு சொல்லும் இரண்டு வகையாக இருந்தால் இரண்டிலும் இரண்டின் தொகையும் சேர்ந்து வரும். சூத்திரம் எழுதுவதற்கு முன்பே முழுப் பட்டியலையும் யூனிகோடுக்கு மாற்றிவிடுவதுதான் நல்லது.

இந்தச் சிக்கல்கள் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து, வகையை யாரும் கையால் அடிக்காமல் பார்த்துக்கொள்வது. எக்செலில் C2-இலிருந்து கீழே ஐந்நூறு வரி வரை தெரிவு செய்து `Data > Data Validation` போய், `Allow` என்ற இடத்தில் `List` எடுத்து, `Source` என்ற இடத்தில் `=$G$2:$G$6` கொடுங்கள். கூகுள் சீட்ஸில் `Insert > Dropdown` போய் `Dropdown (from a range)` தெரிவு செய்து அதே எல்லையைக் கொடுக்கலாம். இனி கலத்தைத் தொட்டால் ஐந்து வகையும் பட்டியலாக விழும், அதில் ஒன்றைத் தெரிவு செய்தால் போதும். அட்டவணை எந்தச் சொல்லைத் தேடுகிறதோ அதே சொல்லைத்தான் பட்டியலும் கொடுக்கிறது, எழுத்துப்பிழைக்கு வழியில்லை. ஒரு எல்லை உண்டு: வேறு இடத்திலிருந்து கொப்பி பண்ணி ஒட்டினால் எக்செல் அதைத் தடுக்காது, இந்தக் கட்டுப்பாட்டையும் அழித்துவிடும். அதனால்தான் இது இருந்தாலும் மூன்று சரிபார்ப்புக் கலங்களையும் எடுக்கக்கூடாது என்கிறேன்.

## வயல்வாரியாக

வகைவாரி மொத்தம் கிடைத்தவுடன் அடுத்த கேள்வி எந்த வயலில் என்பது. K2 முதல் K6 வரை அதே வகைகள், L1-இல் மேல்வட்டை, M1-இல் கீழ்வட்டை. L2-இல்:

```
=SUMIFS($E:$E,$C:$C,$K2,$D:$D,L$1)
```

இரண்டு நிபந்தனை, இரண்டும் ஒரே வரியில் பொருந்த வேண்டும். `$K2`-இல் நிரல் நிலை, `L$1`-இல் வரி நிலை. இந்த ஒரு சூத்திரத்தை வலப்பக்கமும் கீழேயும் இழுத்தால் முழு அட்டவணையும் நிரம்பும். ஏழாவது வரியில் மொத்தம், எட்டாவதில் ஏக்கர் 4, 3 என்று எழுதி, ஒன்பதாவதில் `=L7/L8`.

| வகை | மேல்வட்டை | கீழ்வட்டை |
|---|---|---|
| உழவு | 24000 | 18000 |
| விதை | 28000 | 21000 |
| பசளை | 38000 | 9500 |
| மருந்து | 14000 | 7500 |
| கூலி | 13000 | 5000 |
| மொத்தம் | 117000 | 61000 |
| ஏக்கர் | 4 | 3 |
| ஏக்கருக்கு | 29250 | 20333 |

117000-உம் 61000-உம் சேர்ந்தால் 178000, சரி. வாய்க்கால் துப்பரவு போல இரண்டு வயலுக்கும் பொதுவான செலவு இருந்தால் D நிரலில் 'பொது' என்று எழுதி N1-இல் ஒரு நிரல் சேர்த்துவிடுங்கள், பிரிக்க முடியாததை ஊகித்துப் பிரிக்க வேண்டாம்.

இப்போது எண்களை வாசிப்போம். உழவு இரண்டு வயலிலும் ஏக்கருக்கு 6000, விதை இரண்டிலும் 7000. பசளை மட்டும் மேல்வட்டையில் ஏக்கருக்கு 9500, கீழ்வட்டையில் 3167. ஒரே பருவம், ஒரே குடும்பம், ஏன் இவ்வளவு வித்தியாசம்? இங்கேதான் எண்ணிக்கை உதவுகிறது. `SUMIFS` இருந்த இடத்தில் இதைப் போடுங்கள்:

```
=COUNTIFS($C:$C,$K2,$D:$D,L$1)
```

பசளை மேல்வட்டையில் 2, கீழ்வட்டையில் 1. மேல்வட்டைக்கு மார்கழித் தொடக்கத்தில் இரண்டாம் தடவை யூரியா போட்ட வரி இருக்கிறது, கீழ்வட்டைக்கு அப்படி ஒரு வரியே இல்லை. ஒன்று கீழ்வட்டைக்கு இரண்டாம் தடவை போடவில்லை, அல்லது போட்டது பட்டியலில் ஏறவில்லை. அறுவடைக்குப் பிறகு தருவதாகச் சொல்லிக் கடனுக்கு எடுத்த பசளைதான் இப்படி விடுபடும், காசு கைமாறாததால் அன்றைக்கு யாரும் செலவு என்று எழுதுவதில்லை. அதைக் கடைக் கொப்பியில் பார்த்து, எடுத்த நாளின் திகதியோடு ஏற்றுங்கள். தொகையை மட்டும் பார்த்திருந்தால் கீழ்வட்டையில் சிக்கனமாகச் செய்திருக்கிறோம் என்றுதான் நினைக்கத் தோன்றும். இதற்காகவே இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்கிறேன்.

## மாதமும் சொல்லும்

மாதவாரியாகப் பார்க்க, P2-இல் மாதத்தின் முதல் நாளை `2023-10-01` என்று எழுதி Q2-இல்:

```
=SUMIFS($E:$E,$A:$A,">="&$P2,$A:$A,"<"&EDATE($P2,1))
```

ஒக்டோபருக்கு 106000, நவம்பருக்கு 53000, டிசம்பருக்கு 19000 வரும், கூட்டினால் அதே 178000. `EDATE` அடுத்த மாதத்தின் முதல் நாளைத் தருவதால் 30-ஆ 31-ஆ என்று யோசிக்கத் தேவையில்லை. குறிகள் மேற்கோளுக்குள், கலத்தின் பெயர் வெளியே, நடுவில் `&`. இதை `">=P2"` என்று உள்ளேயே எழுதிவிட்டால் P2 என்ற எழுத்தைத் தேடிச் சுழியம் தரும்.

இங்கே பெரிய ஆபத்து திகதி எழுதும் முறை. நாம் 05/10/2023 என்று ஒக்டோபர் ஐந்தை எழுதுவோம். கணினி அமெரிக்க முறையில் அமைந்திருந்தால் அதை மே மாதம் பத்தாம் திகதி என்று எடுத்துக்கொள்ளும். 20/10/2023 என்பதை இருபதாம் மாதம் இல்லாததால் எழுத்தாக விட்டுவிடும். ஒரே பட்டியலில் பாதி திகதி தவறான மாதத்திலும் மீதி எந்த மாதத்திலும் வராமலும் போகும். அதனால்தான் மேலே ஆண்டை முதலில் வைத்து எழுதியிருக்கிறேன், அந்த முறையில் குழப்பம் வராது. மாத மொத்தங்களின் கூட்டுத்தொகை `SUM(E:E)`-உடன் ஒத்துவருகிறதா என்று இங்கும் ஒருமுறை கழித்துப் பாருங்கள்.

முன்பு சொன்ன யூரியா கேள்விக்கு விபரத்தில் சொல்லைத் தேடலாம்:

```
=SUMIFS($E:$E,$B:$B,"*யூரியா*")
```

நட்சத்திரக் குறி 'முன்னும் பின்னும் எது இருந்தாலும் சரி' என்று சொல்கிறது. நம் பட்டியலில் 47500 வரும். இதையே `"*மருந்து*"` என்று மாற்றிப் பாருங்கள், கிடைப்பது 3000, அதுவும் கூலி! இப்படித் தேடுவது ஒரு தனிக் கேள்விக்குப் பரவாயில்லை, வகைவாரி அட்டவணையை இதன் மேல் கட்டக்கூடாது.

எல்லாம் சரியாக ஓடிய பிறகு, எக்செலில் G முதல் Q வரையான அட்டவணைகளை `Ctrl+X` கொடுத்து வெட்டிப் புதிய தாளில் ஒட்டிவிடுங்கள். பட்டியலை வடிகட்டும்போது பக்கத்து அட்டவணையின் வரிகளும் மறைந்துபோகும், தனித்தாளில் இருந்தால் அந்தப் பிரச்சினை இல்லை. வெட்டி ஒட்டும்போது சூத்திரங்கள் பழைய தாளின் பெயரைத் தாங்களே சேர்த்துக்கொள்ளும், கொப்பி பண்ணி ஒட்டினால் புதிய தாளின் வெற்று நிரல்களைப் பார்த்து எல்லாம் சுழியமாகும். அடுத்த சிறுபோகத்துக்கு இதே கோப்பைப் புதிய பெயரில் சேமித்து, A2 முதல் E வரையான பதிவுகளை மட்டும் `Delete` விசையால் அழியுங்கள். முழு வரிகளையும் நீக்கினால் F நிரலின் சூத்திரமும் தெரிவுப் பட்டியலும் சேர்ந்தே போய்விடும். அழித்த பிறகு அட்டவணை முழுவதும் 0 காட்டும், மூன்று சரிபார்ப்புக் கலங்களும் 0 காட்டும். முதல் உழவுக்கான வரியை எழுதியதும் உழவுக்கு நேரே 1 என்று வருகிறதா என்று பார்த்துவிட்டு மேலே எழுதத் தொடங்கலாம்.